நாலு மாத வேலைக்கு யாரை வைப்பது?

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். தமிழ்நாடு, கர்நாடகம் முழுக்க டீலர்கள். பம்ப் விற்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் ஸ்பேர் பார்ட்ஸில் வருகிறது. இம்பெல்லர் வேண்டும், மெக்கானிக்கல் சீல் வேண்டும், புஷ் வேண்டும் என்று டீலர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆபீஸில் இரண்டு பேர் அதைப் பார்த்துப் பார்த்து டேலியில் ஏற்றுகிறார்கள். பத்து பார்சல் போனால் ஒன்றாவது தப்பான பொருளோடு போய், லாரி வாடகை கொடுத்துத் திரும்பி வருகிறது. டீலர்கள் தாங்களே ஆர்டர் போட ஒரு செயலி இருந்தால் என்ன என்று முதலாளியின் மகன் கேட்கிறார். நாலு மாத வேலை என்று மதிப்பிடுகிறார்கள். டீலர்களுக்குப் பிடித்துப்போனால் இன்னும் ஒரு வருடம் வளரும். பிடிக்காவிட்டால் அங்கேயே நிற்கும். எது நடக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இந்த மாதிரி இடத்தில் சிறு தொழில் முதலாளிகளிடம் முதலில் வரும் பதில் எனக்குப் பழக்கமானது. “ஏனுங்க, மாசம் அறுபதாயிரம் குடுத்து ஒரு பையனை வேலைக்கு வெச்சுக்கலாமுங்க. வெளியாளுக்கு மணிக்கு ஆயிரம் ரூபாயா குடுப்பாங்க?”

கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. மாதம் இருநூறு மணி நேரத்துக்கு அறுபதாயிரம் என்றால் மணிக்கு முந்நூறு ரூபாய். ஃப்ரீலான்சர் ஆயிரம் கேட்கிறார். மூன்று மடங்குக்கு மேல். ஆனால் அந்த முந்நூறு ரூபாய், வருடம் முழுக்க அவருக்கு நிறைய வேலை இருந்தால் மட்டுமே முந்நூறாக இருக்கும்.

விவரமாகப் பார்க்கலாம். அறுபதாயிரம் சம்பளத்தோடு நிறுவனத்தின் பி.எஃப். பங்கையும் சேர்த்தால் மாதம் 62,000 வைத்துக்கொள்ளலாம். ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கட்டணம் போகும்: 60,000. நாலு மாதத்தில் திட்டம் நின்றுபோனால் அவரை அப்படியே வாசலில் நிறுத்த முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான பணம், இன்னொரு 62,000. ஆக நாலு மாத வேலைக்கு 3,70,000 ஆகிவிடும். ஃப்ரீலான்சர் வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 87,000 வரும். நாலு மாதத்துக்கு 3,48,000. மூன்று மடங்கு வித்தியாசம் என்று தோன்றியது, நாலாவது மாத முடிவில் காணாமல் போகிறது. ஐந்தாவது மாதத்தில் இரண்டும் சமமாகின்றன. அதற்குப் பிறகு நிரந்தர ஊழியர் மலிவாகிக்கொண்டே போகிறார். ஒரு வருடம் ஓடினால் இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். இரண்டாவது மாதமே திட்டத்தைக் கைவிட்டாலோ, நிரந்தர ஊழியரால் 2,46,000 போயிருக்கும், ஃப்ரீலான்சரால் 1,74,000.

ரூபாய்க் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. நல்ல சாஃப்ட்வேர் ஆள் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருப்பார். நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஆஃபர் கொடுத்தால் அவர் உங்கள் படியேற அறுபது, தொண்ணூறு நாள் ஆகும். நாலு மாத வேலைக்கு மூன்று மாதக் காத்திருப்பு. அப்படி வருகிறவர் தன் நிலையான வேலையை உங்களை நம்பி விட்டுவிட்டு வருகிறார். நாலாவது மாதம் அவரை வீட்டுக்கு அனுப்ப வாய்ப்பு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல் அழைப்பது தவறு. வேலை நிச்சயமில்லை என்றால் அந்த ஆபத்தை யாராவது சுமக்கத்தான் வேண்டும். ஃப்ரீலான்சர் கேட்கும் ஆயிரம் ரூபாயில் அந்தச் சுமைக்கான கூலியும் அடக்கம். மாதத்தில் பாதி நாளாவது அவருக்குக் காசு வராத நாள்தான். வேலை தேடுவது, விலை பேசுவது, பில்லுக்கு அலைவது, காய்ச்சலில் படுப்பது எல்லாம் அவர் கணக்கில்.

இதுவரை பார்த்தது எவ்வளவு காலம் என்ற நிச்சயமின்மை. இதைவிடப் பெரிய தொல்லை, என்ன வேலை என்பதே சரியாகத் தெரியாமல் இருப்பது. ‘டீலர்கள் ஆர்டர் போட ஒரு செயலி’ என்பது ஒரு வரி. இந்த ஒரு வரியை வைத்து மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டால் ஒருவர் ஒன்றரை லட்சம் என்பார், இன்னொருவர் எட்டு லட்சம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு செயலி. அதனால் மூன்று வகையில் எது என்று முடிவெடுப்பதற்கு முன்னால், நிச்சயமின்மையைக் குறைக்க ஒரு சின்ன வேலையை விலைக்கு வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. நாற்பது மணி நேரம், நாற்பதாயிரம் ரூபாய். அனுபவமுள்ள ஒரு ஃப்ரீலான்சர் இரண்டு வாரம் டிஸ்பேட்ச் பிரிவில் உட்கார்ந்து, ஆர்டர் எப்படி வருகிறது, எங்கே தப்பாகிறது என்று பார்க்கட்டும். ஐந்து டீலர்களிடம் பேசட்டும். கடைசியில் நாலு பக்க அறிக்கையும் காகிதத்தில் வரைந்த திரைகளும் கொடுத்தால் போதும்.

நம் பம்ப் நிறுவனத்தில் இப்படிப் பார்த்தால் என்ன தெரியவரும்? தொழில் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். ஆர்டர் தப்பாவதற்கு வாட்ஸ்அப் காரணமாக இருக்காது. டீலருக்குப் பார்ட் நம்பர் தெரியாது. ‘ரெண்டு ஹெச்.பி.க்கு வர்ற பெரிய புஷ்’ என்று எழுதுகிறார். அதே பம்ப் 2019இல் ஒரு பெயரிலும், இப்போது வேறு பெயரிலும் விற்கிறது. உள்ளே புஷ் அளவு மாறிவிட்டது. எவ்வளவு நல்ல செயலி செய்தாலும், படத்தோடும் சரியான நம்பரோடும் ஒரு பார்ட்ஸ் பட்டியல் இல்லாவிட்டால் தப்பான ஆர்டர் செயலி வழியாக இன்னும் வேகமாக வரும்.

ஒரு வேலை என்று நினைத்திருந்தது இங்கே மூன்றாகப் பிரிகிறது. மூன்றுக்கும் வேண்டிய ஆட்களும் வேறு.

முதலாவது, ஸ்டோரில் இருக்கும் மூவாயிரம், நாலாயிரம் உதிரிப்பாகங்களைப் படம் எடுத்து, அளவு குறித்து, நம்பர் போட்டுப் பதிவது. என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் ஸ்டோரிலேயே, உங்கள் ஸ்டோர் கீப்பர் சொல்படி, முழு நாளும் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஆறு வாரத்தில் முடிந்துவிடும். இதற்கு ஏற்றது ஒப்பந்ததாரர், அதாவது ஆள் அனுப்பும் ஏஜென்சி. பதினெட்டாயிரம் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், ஏஜென்சி கமிஷன் எல்லாம் சேர்த்து மாதம் 24,000 அருகில் பில் வரும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; நீங்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறவராக இருந்தால் அது உள்ளீட்டு வரியாகப் பொதுவாகத் திரும்பிவிடும். ஒருவர் பாதியில் நின்றால் மாற்று ஆளை அனுப்புவது ஏஜென்சியின் பொறுப்பு. கமிஷன் கொடுப்பதே அதற்குத்தான்.

மலிவான கொட்டேஷன் கொடுக்கும் ஏஜென்சியிடம் மட்டும் கவனம் வேண்டும். சட்டப்படியான பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒரு அளவுக்குக் கீழே விலை இறங்கவே முடியாது. அதற்கும் கீழே ஒருவர் கேட்டால், அந்தப் பணத்தை அவர் கட்டப்போவதில்லை என்று பொருள். ஒப்பந்ததாரர் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்காவிட்டாலும், பி.எஃப். கட்டாவிட்டாலும், கடைசியில் வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்தின் தலையில்தான் அது விழும். ஆகவே ஒவ்வொரு மாதமும் பில்லைப் பாஸ் செய்வதற்கு முன், போன மாதத்துக்கான பி.எஃப். செலானையும், அதனோடு வரும் பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். செலான் மட்டும் போதாது. அதில் இருக்கும் தொகை வேறு இடத்து ஆட்களுக்கானதாக இருக்கலாம். உங்களிடம் வேலை பார்க்கும் அந்த இருவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளம் அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறதா என்று அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, செயலி. இதில் என்ன வேண்டும் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. பத்து டீலர்களிடம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட வேலையை மொத்த விலை பேசி ஃப்ரீலான்சரிடம் விட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு வரும். அவர் நாலு லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார். இரண்டாம் மாதம், பழைய பாக்கி இருக்கும் டீலருக்கு ஆர்டரை நிறுத்திவைக்க வேண்டும் என்பீர்கள். ‘அது பேச்சில் இல்லை’ என்பார். ‘இதுகூடவா இல்லாமல் இருக்கும்’ என்பீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து அவர் போன் எடுக்கத் தாமதிப்பார். மணிக்கணக்கில் கூலி பேசி, வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலை செய்யும் ஒரு பகுதியை டீலர் கையில் கொடுத்துக் காட்டச் சொல்வது நல்லது. நாலு வாரம் ஆகியும் டீலரின் போனில் தொட்டுப் பார்க்க எதுவும் வரவில்லை என்றால், வேலை சரியாகப் போகவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். நிறுத்திக்கொள்ளலாம்.

ஃப்ரீலான்சர் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று காப்புரிமை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் வேலையில் எழுதும் மென்பொருள், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படி ஆகாது. நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்கப்படாத வரைக்கும் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி அதன் உரிமையாளர் அவர்தான். அந்த எழுத்தும் கவனமாக இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நாளைக்கு இலங்கை டீலர்களுக்கும் அந்தச் செயலியைக் கொடுக்க நினைத்தால் அது தகராறுக்கு இடமாகும். ‘சட்டம் அனுமதிக்கும் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலாவதி ஆகாதபடி’ என்று தெளிவாக எழுதி, எந்த வேலை என்பதையும் குறிப்பிட்டு, அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது.

காகிதத்தோடு சாவியும் வேண்டும். இணையதளப் பெயர், சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் டெவலப்பர் கணக்கு, சோர்ஸ் கோடு வைத்திருக்கும் இடம் எல்லாமே நிறுவனத்தின் மின்னஞ்சலில் தொடங்கி, ஃப்ரீலான்சருக்கு அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். வேலை அவசரத்தில் ‘நானே என் ஐ.டி.யில் போட்டுவிடுகிறேன் சார்’ என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். இரண்டு வருடம் கழித்து இணையப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பு அவர் பார்க்காத ஒரு பழைய மெயிலுக்குப் போகும். ஒரு திங்கட்கிழமை காலையில் டீலர்கள் யாராலும் ஆர்டர் போட முடியாது.

பணம் கொடுக்கும்போது, வருடத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும் தொழில்முறைக் கட்டணத்துக்கு நிறுவனம் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பில் வந்த அன்று வருத்தம் இருக்காது. அவர் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறுந்தொழில் செய்பவர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டி, ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு. பெரிய கம்பெனிகள் நம்மை இழுத்தடிப்பதைப் போல நாம் ஃப்ரீலான்சரை இழுத்தடிக்கும் வழக்கம் சிறு தொழில்களில் இருக்கிறது. அது சட்டத்துக்கும் ஆகாது, மனிதத்துக்கும் ஆகாது.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். ஃப்ரீலான்சர் நன்றாக வேலை செய்கிறார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. ‘தினமும் ஒன்பதரைக்கு ஆபீஸுக்கு வந்துவிடுங்கள்’ என்கிறார். பிறகு கம்பெனி லேப்டாப் வருகிறது. வெளி வேலை எடுக்க வேண்டாம் என்ற பேச்சு வருகிறது. லீவு என்றால் மகனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாதாமாதம் ஒரே தொகை. காகிதத்தில் மட்டும் அவர் ஃப்ரீலான்சர், பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இந்த ஏற்பாடு வழக்குக்குப் போனால், நீதிமன்றம் காகிதத் தலைப்பைத் தாண்டி, வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கும். 1973இல் உச்ச நீதிமன்றம் ஒரு தையல் கடை வழக்கில் சொன்ன தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் என்ற அந்தக் கடையில் தையல்காரர்களுக்கு உருப்படிக் கூலிதான். வரும் நேரத்துக்கும் கட்டாயம் இல்லை. வேலை இருந்தால் வருவார்கள். ஆனால் மெஷின் கடையுடையது. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் கடைக்காரருக்கு இருந்தது. அவர்கள் அந்தக் கடையின் தொழிலாளர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கருவி யாருடையது, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம், லாப நட்டம் யாருக்கு என்ற கேள்விகளைச் சேர்த்து வைத்துத்தான் இப்படிப்பட்ட வழக்குகள் தீர்மானிக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்து நாலு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ச்சியாகப் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. எண்பது பேர் இருக்கும் இடம் அந்த விலக்கை நம்பி இருக்கக் கூடாது. தற்காலிகம் என்று சேர்த்தவரை மூன்று மூன்று மாதமாக நீட்டித்துக்கொண்டே போகிறவர்கள் இந்த 480ஐ யோசிப்பதில்லை. நீட்டிக்கும் தேவை இரண்டாவது முறை வரும்போதே, இது குறுகிய கால வேலைதானா என்று கேட்டுவிட வேண்டும்.

செயலி டீலர்களுக்குப் பிடித்து, தினமும் அதற்கு ஒரு ஆள் தேவை, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் சொல்ல முடியாது என்ற நிலை வந்தால் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. குறிப்பிட்ட கால ஊழியர். நியமனக் கடிதத்திலேயே தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். அதுவரை சம்பளம், வேலை நேரம், பி.எஃப். எல்லாம் அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ளது போலவே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இப்படிப்பட்டவர் ஒரு வருடம் பணிபுரிந்தாலே அந்தக் காலத்துக்கான கிராஜுவிட்டி பெறுவார். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து வருடம் ஆக வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். அதற்குப் பதிலாக, வருகிறவருக்கு எந்தத் தேதிவரை வேலை என்று தெரிகிறது; அவர் தன் வீட்டுக் கடனையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அதை வைத்துத் திட்டமிட முடிகிறது. ஃப்ரீலான்சர் என்ற பெயரில் முழு நேர ஊழியரை வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மூன்றாவது வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. பட்டியலைத் தயாரித்தாயிற்று, செயலியும் ஓடுகிறது. புது மாடல் பம்ப் வரும்போது அதன் பாகங்களைப் பட்டியலில் சேர்ப்பது யார்? ‘இந்தச் சீல் பழைய மோட்டாருக்குப் பொருந்துமா’ என்று திருச்சி டீலர் கேட்டால் பதில் சொல்வது யார்? இந்த வேலைக்கு முடிவே இல்லை. நிரந்தர ஊழியர் வேண்டிய இடம் இதுதான். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்த ஆள் தேவையில்லை. பன்னிரண்டு வருடமாக டிஸ்பேட்சில் இருந்து, டீலர் ‘பெரிய புஷ்’ என்றால் எதைச் சொல்கிறார் என்று கேட்டவுடனே புரிந்துகொள்ளும் அக்கா அங்கேயே இருக்கிறார். வாட்ஸ்அப் ஆர்டரை டேலியில் ஏற்றிக்கொண்டிருந்த அவர் நேரம் இப்போது மிச்சமாகிறது. முதலாளி நிரந்தரமாக ஒரு சாஃப்ட்வேர் பையனை எடுத்திருந்தால், இந்த வேலையும் அவன் தலையில் விழுந்திருக்கும். ஆறு மாதத்தில் அவன் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

ஃப்ரீலான்சர் கிளம்புவதற்கு முன் அந்த அக்காவுக்குக் கற்றுத்தர வேண்டும். அதற்கான மணி நேரங்களை ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி, கடைசித் தவணையில் ஒரு பகுதியை அதோடு இணைத்து வைப்பது வழக்கம். முடிந்ததா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு: ஃப்ரீலான்சர் பக்கத்தில் நின்று எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா தானாகவே ஒரு புதுப் பாகத்தைப் படத்தோடு சேர்த்து, ஒரு பழைய விலையைத் திருத்தி, ஒரு டீலரின் மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றும் நடந்தால் கடைசி பில்லைப் பாஸ் செய்துவிடலாம்.